எக்செல் கோப்பு இல்லை, வரைபடத்தின் படம் மட்டும் இருக்கிறது: சிவப்பு–பச்சைக் கோடுகளை எல்லோருக்கும் பிரித்துக் காட்டுவது எப்படி?

பெங்களூருவில் அல்சூர் பக்கம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள். சங்கத்தின் பழைய ஆண்டறிக்கையில் ஒரு கோட்டு வரைபடம் உண்டு. 2023, 2024 ஆண்டுகளில் மாதந்தோறும் டேங்கரில் எவ்வளவு நீர் வாங்கினோம் என்பதைச் சிவப்புக் கோடும், ஆழ்துளைக் கிணறு எவ்வளவு கொடுத்தது என்பதைப் பச்சைக் கோடும் சொல்கின்றன. கணக்கை வைத்திருந்த பொருளாளர் கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்துவிட்டார். அவருடைய பழைய மடிக்கணினியோடு எக்செல் கோப்பும் போய்விட்டது. கையில் இருப்பது ஒரு பிஎன்ஜி படம். அதன் நிறங்களை மாற்றியபோது அண்டை வீட்டார் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும் இவை.

"கோப்பு போனால் போனதுதானே? படத்தை வைத்து என்ன செய்ய முடியும்?"

நிறத்தை மாற்றுவதற்குத் தரவு தேவையில்லை. ஆனால் படத்தில் கை வைப்பதற்கு முன், தரவு உண்மையிலேயே தொலைந்துவிட்டதா என்று ஒருமுறை பாருங்கள். பல நேரங்களில் அது அறிக்கைக்குள்ளேயே ஒளிந்திருக்கும்.

வேர்ட் கோப்பு இருந்தால் அதைப் படியெடுத்து, பெயரின் இறுதியில் உள்ள `.docx` என்பதை `.zip` என மாற்றித் திறந்து பாருங்கள். வரைபடம் எக்செலிலிருந்து வரைபடமாகவே ஒட்டப்பட்டிருந்தால் `word/charts/chart1.xml` என்ற கோப்பு இருக்கும். அதில் `c:numCache` என்ற பகுதிக்குள் ஒவ்வொரு மாதத்தின் எண்ணும் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் `word/embeddings` உறையில் முழு எக்செல் கோப்பே கிடைக்கும். பவர்பாயிண்டிலும் இதே முறைதான், உறையின் பெயர் மட்டும் `ppt` என்று தொடங்கும். `word/media` உறையில் ஒரு படம் மட்டும் கிடந்தால், வெறும் படமாக ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

பிடிஎஃப் மட்டும் இருந்தால் இந்தக் கட்டளையை இடுங்கள்:

```
pdfimages -list report.pdf
```

உள்ளே இருக்கும் படங்களின் பட்டியல் வரும். வரைபடம் உள்ள பக்கத்தின் எண் அந்தப் பட்டியலில் இல்லையென்றால், வரைபடம் பிக்சல்களாக இல்லாமல் கோடுகளாகவே சேமிக்கப்பட்டிருக்கிறது. அப்போது இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அந்தப் பக்கத்தைத் திறந்து, கோட்டைச் சொடுக்கி, நிறத்தை மாற்றினால் வேலை முடிந்தது. இந்தப் பக்கத்தின் மீதியைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை. எங்களுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

"சிவப்பும் பச்சையும் எவ்வளவு வேறுபட்ட நிறங்கள்! அவை எப்படி ஒன்றாகத் தெரியும்?"

எல்லாச் சிவப்பும் எல்லாப் பச்சையும் ஒன்றாகத் தெரிவதில்லை. எங்கள் படத்தில் இருந்த குறிப்பிட்ட இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. நிறம் எடுக்கும் கருவியை வைத்துப் பார்த்தபோது சிவப்பு `#C00000`, அதாவது (192, 0, 0). பச்சை `#008000`, அதாவது (0, 128, 0).

பச்சை ஒளியை உணரும் கூம்புச் செல்கள் வேலை செய்யாத ஒருவருக்கு இவை எப்படித் தெரியும் என்பதைக் கணக்கிடலாம். மச்சாடோ என்ற ஆய்வாளரும் வேறு இருவரும் சேர்ந்து 2009இல் வெளியிட்ட மாதிரியின்படி கணக்கிட்டால், சிவப்பு ஏறத்தாழ (122, 107, 0) ஆகிறது. பச்சை (119, 106, 24) ஆகிறது. இரண்டுமே ஒரே ஆலிவ் பழுப்பு. மெல்லிய கோடாக வரையும்போது அந்தச் சிறு வேறுபாடும் மறைந்துவிடும். இரண்டின் வெளிச்ச அளவும் ஏறக்குறைய சமம் என்பதால் "எது அடர்த்தி, எது வெளிறியது" என்றும் பிரிக்க முடியாது. இதே சிவப்போடு வெளிர்பச்சையை வைத்திருந்தால் இவ்வளவு சிக்கல் வந்திருக்காது.

இந்தக் குறை எக்ஸ் நிறப்புரி வழியாக வருவதால் பெரும்பாலும் ஆண்களிடம் காணப்படுகிறது. வட ஐரோப்பிய வழியினரில் ஆண்களில் சுமார் 8 சதவீதம், பெண்களில் சுமார் அரை சதவீதம் என்பது பாடநூல்களில் உள்ள கணக்கு. எங்கள் கூட்டத்தில் இரண்டாம் மாடி மாமா ஒருவர், "டேங்கர் எது, போர்வெல் எது என்று யாராவது சொல்லுங்கள், பிறகு சண்டை போடலாம்" என்றார். கோடுகள் 2024 மார்ச்சில் ஒன்றையொன்று வெட்டுகின்றன. கிணறு வற்றி டேங்கர் ஏறிய மாதம் அது. வெட்டிய பிறகு மேலே போகும் கோடு எது என்று தெரியாவிட்டால் அந்த வரைபடம் எதையுமே சொல்லவில்லை.

"பெயிண்ட் மென்பொருளில் வாளிக் கருவியால் நீலத்தை ஊற்றினால் போதாதா?"

ஊற்றிப் பாருங்கள், பிறகு படத்தை 800 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். நீலக் கோட்டின் இரு பக்கமும் இளஞ்சிவப்பு ஓரம் நிற்கும்.

காரணம் இது. திரையில் சாய்வான கோடு படிக்கட்டுபோல் தெரியாமல் இருக்க, வரைபடம் வரையும் மென்பொருள் கோட்டின் விளிம்புப் பிக்சல்களில் கோட்டின் நிறத்தையும் பின்னணி வெள்ளையையும் கலந்து வைக்கிறது. பாதி சிவப்பு, பாதி வெள்ளை என்றால் (224, 128, 128). இரண்டு பிக்சல் அகலமுள்ள சாய்ந்த கோட்டில் முழுச் சிவப்பாக இருக்கும் பிக்சல்களைவிடக் கலப்புப் பிக்சல்கள்தான் அதிகம். வாளிக்கு முழுச் சிவப்பு மட்டுமே தெரியும். "நெருக்கமான நிறங்களையும் சேர்த்துக்கொள்" என்று அளவைக் கூட்டினால், கலப்புப் பிக்சல்களும் முழு நீலமாகிக் கோடு தடித்துப் படிக்கட்டாகிவிடும். இன்னும் கூட்டினால் பச்சைக் கோட்டின் ஓரத்தையும் தின்னும்.

ஆகவே நமக்கு வேண்டியது, பாதி சிவப்பாக இருந்த பிக்சலைப் பாதி நீலமாகவும் கால் சிவப்பாக இருந்ததைக் கால் நீலமாகவும் மாற்றும் வழி.

"அந்த வழிதான் என்ன?"

ஒன்பது எண்கள் கொண்ட ஒரு கட்டம். ஒவ்வொரு பிக்சலின் சிவப்பு, பச்சை, நீல அளவுகளை அந்தக் கட்டத்தால் பெருக்கினால் புதிய நிறம் கிடைக்கும். கட்டத்தை எப்படி உருவாக்குவது என்பதுதான் இதில் சுவையான பகுதி. மூன்று கட்டளைகளை மட்டும் விதிக்கிறோம்: பழைய சிவப்பு புதிய நீலமாக வேண்டும், பழைய பச்சை புதிய செம்மஞ்சளாக வேண்டும், வெள்ளை வெள்ளையாகவே இருக்க வேண்டும். மூன்று நிறங்கள் எங்கே போக வேண்டும் என்று சொல்லிவிட்டால் ஒன்பது எண்களும் தாமாகவே தீர்மானமாகிவிடுகின்றன.

```python
import numpy as np
old = np.array([[192,0,0],[0,128,0],[255,255,255]]).T
new = np.array([[0,114,178],[213,94,0],[255,255,255]]).T
print((new @ np.linalg.inv(old)).round(3))
```

இந்தப் பைத்தான் நிரலில் வரும் எண்களை இமேஜ்மேஜிக் என்ற பட மென்பொருளிடம் கொடுக்கிறோம்:

```
magick chart.png -color-matrix "3x3: 0 1.664 -0.664 0.594 0.734 -0.328 0.927 0 0.073" chart-new.png
```

பழைய 6ஆம் பதிப்பு வைத்திருப்பவர்கள் `magick` என்ற இடத்தில் `convert` என்று எழுதவும்.

கையால் ஒரு பிக்சலைச் சரிபார்ப்போம். பாதி சிவப்பு (224, 128, 128). புதிய சிவப்பு அளவு: 1.664 × 128 − 0.664 × 128 = 128. புதிய பச்சை அளவு: 0.594 × 224 + 0.734 × 128 − 0.328 × 128 = 185. புதிய நீல அளவு: 0.927 × 224 + 0.073 × 128 = 217. கிடைப்பது (128, 185, 217). நீலம் (0, 114, 178) பாதியும் வெள்ளை பாதியும் கலந்தால் இதுவேதான்.

கட்டத்தின் ஒவ்வொரு வரிசையிலும் எண்களைக் கூட்டினால் 1 வரும். அதனால் மூன்று அளவும் சமமாக உள்ள எந்தப் பிக்சலும் மாறாது. கறுப்பு எழுத்து, சாம்பல் கட்டக் கோடுகள், அச்சு எண்கள் எல்லாம் அப்படியே இருக்கும். சிவப்புக் கோடு சாம்பல் கட்டக் கோட்டின் மேல் ஏறும் இடத்திலும் கணக்குப் பிசகாது. சிவப்பும் பச்சையும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் உள்ள (96, 64, 0) போன்ற கலப்பு, பாதி நீலம் பாதி செம்மஞ்சளாக மாறும். மார்ச் மாத வெட்டுப்புள்ளிதான் எங்களுக்கு முக்கியம் என்பதால் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பண்பு. மூலையில் உள்ள குறிவிளக்கப் பெட்டியும் சேர்ந்தே மாறுவதால் கோட்டுக்கும் பெயருக்கும் இடையே உறவு அறுவதில்லை.

ஒரு பொறி உண்டு. வரைபடத்தின் மேல்மூலையில் சங்கத்தின் காவி நிறச் சின்னம் இருந்தால் அதுவும் மாறும். (255, 153, 51) என்ற காவி, (221, 247, 240) என்ற வெளிறிய நீலப்பச்சையாகிவிடும். சின்னம் உள்ள படத்தில், கோடுகள் உள்ள பகுதியையும் குறிவிளக்கத்தையும் மட்டும் வெட்டியெடுத்து மாற்றி, அதே இடத்தில் திரும்ப ஒட்டுங்கள். பின்னணி ஒளிபுகும் பிஎன்ஜி என்றால் முதலில் வெள்ளைப் பின்னணியோடு ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்.

"நீலமும் செம்மஞ்சளும்தான் என்று யார் முடிவு செய்தார்கள்?"

ஜப்பானைச் சேர்ந்த மசாதக ஒகாபே, கெய் இத்தோ இருவரும் நிறக்குறை உள்ளவர்களுக்காகத் தொகுத்த எட்டு நிறங்களில் இவை இரண்டு: நீலம் `#0072B2`, செம்மஞ்சள் `#D55E00`. மேலே சொன்ன அதே மாதிரியில் கணக்கிட்டால், நீலம் நீலமாகவே தெரிகிறது; செம்மஞ்சள் கடுகு நிறத்துக்குப் போகிறது. இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். சிவப்பு–பச்சைக் குறை உள்ள கண்ணிலும் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் உள்ள வேறுபாடு தங்கிவிடுகிறது, அதனால்தான் இந்த இணை.

அதே எட்டில் `#E69F00` என்ற ஆரஞ்சும் உண்டு, பலர் நீலத்தோடு அதைத்தான் சேர்ப்பார்கள். வெள்ளைத் தாளில் மெல்லிய கோட்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இணையத்தில் அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி 2.1 வழிகாட்டி, வரைபடத்தின் பொருள் தரும் பகுதிகளுக்குப் பின்னணியோடு குறைந்தது 3க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டைக் கேட்கிறது. ஆரஞ்சுக்கு அது 2.25 தான். செம்மஞ்சளுக்கு 3.9, நீலத்துக்கு 5.2. தடித்த பட்டை வரைபடத்தில் ஆரஞ்சு அழகாக நிற்கும், கோட்டில் கரைந்துவிடும்.

"வாட்ஸ்அப் குழுவில் வந்த படம் இது. இதை வைத்துச் செய்யலாமா?"

வேண்டாம். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் அது ஜேபெக்காகச் சுருங்கிவிடுகிறது. அனுப்பியவரிடம் "ஆவணமாக அனுப்புங்கள்" என்று கேட்டு வாங்குங்கள்.

ஜேபெக் பொதுவாக வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் இரண்டுக்கு இரண்டு பிக்சல் தொகுதிகளாகச் சராசரியாக்கிவிடும். புகைப்படத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. இரண்டு பிக்சல் அகலக் கோட்டில் நன்றாகத் தெரியும். கோட்டின் நடுவில்கூட (192, 0, 0) கிடைக்காது. ஒரு இடத்தில் 178, இன்னொரு இடத்தில் 165 என்று அலைபாயும். கறுப்பு எழுத்தைச் சுற்றிப் புழுதிபோல் புள்ளிகள் தெரிந்தால் அது ஜேபெக் வழியாக வந்த படம் என்று தெரிந்துகொள்ளலாம். பெயரில் `.png` என்று இருப்பதை நம்ப வேண்டாம், ஜேபெக்கைத் திரும்ப பிஎன்ஜியாகச் சேமித்திருப்பார்கள். நம்முடைய கட்டத்தில் 1.664 என்ற எண் இருக்கிறதல்லவா, அது அந்தப் புழுதியையும் அதே அளவுக்குப் பெருக்கிவிடும்.

வேறு படமே இல்லை என்ற நிலையில் பிக்சலை விட்டுவிடுங்கள். இங்க்ஸ்கேப்பில் படத்தைக் கீழே பூட்டிவைத்து, அதன்மேல் ஒவ்வொரு மாதப் புள்ளியையும் தொட்டுப் புதிய கோடு வரைவது அதைவிட வேகம். 24 மாதம், இரண்டு கோடு, மொத்தம் 48 சொடுக்கு. வெப்பிளாட்டிஜிட்டைசர் என்ற கருவி, ஒவ்வொரு அச்சிலும் இரண்டு புள்ளிகளின் மதிப்பைச் சொன்னால், சொடுக்கிய புள்ளிகளின் எண்களையும் தரும். அந்த எண்கள் படத்திலிருந்து அளந்தவை. அவற்றை மூலக் கணக்கு என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

"எங்கள் வரைபடத்தில் ஐந்து கோடுகள் உள்ளன. இதே கட்டம் ஐந்துக்கும் வருமா?"

வராது. வெள்ளையையும் கறுப்பையும் நகராமல் நிறுத்திவைத்தால் இரண்டு நிறக் கோடுகளுக்குத்தான் இடம் மிஞ்சும். மூன்றாவது கோடு கறுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் கவலையில்லை, அது தானாகவே நிலைக்கும். இரண்டு கோடுகளும் ஒரே சிவப்பின் அடர்த்தி வேறுபாடுகளாக இருந்தாலும் கட்டம் உடையும். பைத்தான் "singular matrix" என்று முறையிடும், அல்லது வரும் எண்கள் பத்து, இருபது என்று பெரிதாக இருக்கும். 3க்கு மேல் ஓர் எண்ணைக் கண்டால் படத்தில் அழுக்குச் சேரும் என்று எதிர்பாருங்கள்.

மூன்று நிறக் கோடுகள் என்றால் படத்தைப் பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதியில் எந்த இரண்டு கோடுகள் உள்ளனவோ அவற்றுக்குரிய கட்டத்தைப் போடலாம். ஐந்து கோடுகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டிருந்தால் அது மறுபடி வரைய வேண்டிய படம். நிறக்குறை இல்லாதவருக்கும் அந்த ஐந்தைக் குறிவிளக்கத்தோடு பொருத்திப் படிப்பது வேதனைதான்.

"சரியாக வந்ததா என்று எப்படித் தெரியும்? எனக்கு எல்லா நிறமும் நன்றாகவே தெரிகிறதே?"

மூன்று இடங்களை 800 சதவீதத்தில் பாருங்கள்: சாய்வான கோட்டின் விளிம்பு, இரு கோடுகளும் வெட்டும் இடம், குறிவிளக்கம். கோட்டின் நடுப்பகுதி நீங்கள் கேட்ட நிறத்தைவிடக் கருத்திருந்தால் நீங்கள் எடுத்த பழைய நிறம் தவறு. பெரும்பாலும் கோட்டின் நடுவுக்குப் பதிலாக விளிம்பில் நிறம் எடுத்திருப்பீர்கள். சாம்பல் கட்டக் கோடுகளிலோ வெள்ளைப் பின்னணியிலோ நிறம் ஏறியிருந்தால் கட்டத்தில் ஓர் எண்ணைத் தவறாகத் தட்டியிருக்கிறீர்கள்.

பிறகு குரோம் உலாவியில் படத்தைத் திறந்து, டெவலப்பர் கருவிகளில் `Rendering` பகுதிக்குப் போய், `Emulate vision deficiencies` என்பதில் protanopia, deuteranopia இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். முதலாவது சிவப்பு உணர்வு இல்லாத கண், இரண்டாவது பச்சை உணர்வு இல்லாத கண். பழைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு உறைக்கும். கணினி காட்டுவது மதிப்பீடுதான், மாமாவிடம் காட்டி, "ஏப்ரலில் எது மேலே?" என்று கேட்டுவிடுவது நல்லது.

"அறிக்கையை ஜெராக்ஸ் எடுத்துத்தான் எல்லோருக்கும் கொடுக்கிறோம். அப்போது?"

அப்போது இந்த இணை தோற்கும். கறுப்பு–வெள்ளையாக்கினால் நீலம் 87, செம்மஞ்சள் 119 என்ற சாம்பலாகிறது. ஜெராக்ஸ் இயந்திரத்தின் கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. நிறத்தை எப்படி மாற்றினாலும் இதற்கு முழு மருந்து கிடையாது.

மருந்து எழுத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கோட்டின் வலது முனையிலும் "டேங்கர்", "ஆழ்துளைக் கிணறு" என்று அதே நிறத்தில் எழுதிவிடுங்கள். வலப்பக்கம் இடம் இல்லையென்றால் படத்தின் வெள்ளைப் பரப்பை நீட்டிக்கொள்ளுங்கள்:

```
magick chart-new.png -background white -gravity west -extent 120%x100% chart-wide.png
```

கோடுகள் வெட்டும் வரைபடத்தில் இடது முனையிலும் ஒருமுறை எழுதுவது நல்லது. இதைச் செய்தபின் குறிவிளக்கப் பெட்டியை அழித்துவிடலாம், யாரும் தேட மாட்டார்கள்.

"படத்தைத் திருத்தினால் கணக்கைத் திருத்தியதாகச் சொல்ல மாட்டார்களா?"

சொல்லலாம், குறிப்பாக நீர்க் கட்டணம் பற்றிய படம் என்றால். பழைய படத்தை அழிக்காமல் வைத்திருங்கள். புதிய படத்தின் கீழே "கோடுகளின் நிறமும் பெயர்க் குறிப்பும் மட்டும் மாற்றப்பட்டுள்ளன" என்று ஒரு வரி போடுங்கள். இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் கோடுகள் ஒரு பிக்சல்கூட நகரவில்லை என்பது தெரியும். அதனாலும் இந்த வழி கையால் மறுபடி வரைவதைவிடப் பாதுகாப்பானது.

கடைசியாக, அறிக்கையின் வாசகத்தில் "சிவப்பு", "பச்சை" என்ற சொற்களைத் தேடுங்கள். "சிவப்புக் கோடு மார்ச்சில் ஏறுவதைக் காணலாம்" என்று ஒரு வரி எங்கோ இருக்கும். அதை "நீலக் கோடு" என்று மாற்றுவதைவிட "டேங்கர் கோடு" என்று மாற்றுங்கள்.